பொறுத்திருந்தால் தானாகக் குறையுமா?

(கிரானில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுக்குப் போகும்போதெல்லாம் நமக்கு ஒரு பதில் கிடைக்கிறது. "முதலில் நாடு வளரட்டும். வளரும்போது ஏற்றத்தாழ்வு கொஞ்சம் கூடத்தான் செய்யும். பிறகு அது தானாகக் குறையும். அதுவரை பொறுங்கள்" என்கிறார்கள். இது வெறும் சாக்குப்போக்கு அல்ல, இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கருத்து இருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இந்தக் கருத்தை 1955ஆம் ஆண்டு முன்வைத்தவர் சைமன் குஸ்நெற்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

இங்கே ஒரு ஒழுங்கையில் பத்துக் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தும் வயல் கூலி, மாதம் 30,000 ரூபாய். எந்த இரண்டு குடும்பத்தை எடுத்தாலும், மொத்த வருமானத்தில் அவர்களுடைய பங்கு நூற்றுக்கு 20. இப்போது இரண்டு குடும்பத்துக்கு வெளியே நல்ல வேலை கிடைக்கிறது, மாதம் 90,000 ரூபாய். அந்த இரண்டு குடும்பத்தின் பங்கு உடனே நூற்றுக்கு 43 ஆகிவிடும். மற்ற எட்டுக் குடும்பத்தின் வருமானம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனாலும் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டது. பிறகு ஐந்து குடும்பங்கள் அந்த வேலைக்குப் போனால், மேலே உள்ள இரண்டு குடும்பத்தின் பங்கு 30 ஆக இறங்கும். பத்தும் போய்விட்டால் மறுபடியும் 20. ஏறி இறங்கும் ஒரு மலை மாதிரி.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் பத்துக் குடும்பத்துக்கும் கதவு திறந்திருந்தால்தான் மலை இறங்கும். இரண்டு குடும்பம் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டால், அது 43இலேயே நின்றுவிடும். நம்முடைய மக்களை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். லயத்தை விட்டு வெளியேற ஒரு துண்டுக் காணியும் இல்லை. கதவு நமக்குத் திறந்தே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

குஸ்நெற்ஸ் நேர்மையான மனிதர். தன்னுடைய கட்டுரையில் தரவு நூற்றுக்கு ஐந்துதான், மிச்சம் தொண்ணூற்றைந்தும் ஊகம் என்று அவரே எழுதினார். அவர் எடுத்துப் பார்த்த ஏழை நாடுகள் மூன்று: இந்தியா, புவேர்ட்டோ ரிக்கோ, மூன்றாவது நம்முடைய இலங்கை. 1950இல் இலங்கையின் மொத்த வருமானத்தில் பாதி, அதாவது நூற்றுக்கு 50, மேல்மட்டத்து ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போனது என்பது அவர் தந்த கணக்கு.

2016இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் வீட்டு வருமானத்தைக் கேட்டறிந்தது. மேல்மட்டத்து ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போனது நூற்றுக்கு 50.8. அடிமட்டத்து ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கிடைத்தது 5கூட இல்லை. இரண்டு கணக்கும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை அல்ல, அதனால் நூலளந்து ஒப்பிடக்கூடாது. ஆனாலும் அறுபத்தாறு வருட வளர்ச்சிக்குப் பிறகு மேல்மட்டத்தின் பங்கு அதே பாதியில் நிற்கிறது என்பது தெளிவு.

இடையில் என்ன நடந்தது? அதற்கு மத்திய வங்கியின் பழைய வருமான ஆய்வுகள் உதவுகின்றன. ஏற்றத்தாழ்வை அளக்கக் கினி எண் என்று ஒன்று உண்டு. எல்லோருக்கும் சமம் என்றால் 0, ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் 1. வீட்டு வருமானத்தில் இலங்கையின் எண் 1953இல் 0.46, 1963இல் 0.45. 1973இல் அது 0.35க்கு இறங்கியது. 1981/82இல் மறுபடி 0.45.

மலை எங்கே? நம் நாட்டில் முதலில் இறங்கி, பிறகு ஏறியிருக்கிறது. குஸ்நெற்ஸ் சொன்னதற்கு நேர் எதிர். இறங்கிய காலத்தில் அரிசிப் பங்கீடு இருந்தது, காணி உச்சவரம்பு வந்தது, பெரிய வருமானத்துக்கும் எல்லை போட்டார்கள். ஏறிய காலத்தில், 1977க்குப் பிறகு, திறந்த பொருளாதாரம் வந்தது. வளர்ச்சி வேகம் கூடியது. பங்கீட்டு அரிசி போய் 1979இல் உணவு முத்திரை வந்தது. ஆக, ஏறியதற்கும் இறங்கியதற்கும் அரசு எடுத்த முடிவுகளில் காரணம் தேடலாம். தானாக நடந்தது என்று சொல்ல இடமில்லை.

நமக்குச் சாதகமான எண் என்பதற்காக 1973ஐ அப்படியே தூக்கிப் பிடிக்கவும் கூடாது. வருமானத்துக்கு எல்லை போட்டிருந்த காலத்தில், பணக்காரர் தம் வருமானத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் உண்மையான இறக்கம் அவ்வளவு பெரியதாக இருந்திருக்காது. இதைவிட முக்கியமானது, 1973–74இல்தான் தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடியது. மா இல்லை, அரிசி இல்லை, இறப்பு கூடியது. பிழைக்க வழிதேடிப் பலர் மலையை விட்டு இறங்கினார்கள். ஏடுகளில் ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்திருந்த வருடங்களில்தான் நம் வீட்டு அடுப்பு எரியவில்லை. ஏற்றத்தாழ்வின் எண் பசியின் எண் அல்ல. தோட்டத்துக்குள்ளே மட்டும் அளந்தால், நகரத்தைவிடச் சமத்துவம் கூடுதலாகத்தான் தெரியும். எல்லோருக்கும் ஒரே குறைந்த நாட்சம்பளம் என்றால் வேறு எப்படித் தெரியும்?

அப்படியானால் இந்த மலைக் கருத்தை உலகம் ஏன் இவ்வளவு காலம் நம்பியது? 1970களில் உலக வங்கியில் இருந்தவர்கள், பல நாடுகளை ஒரே நேரத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். பின்னாளில் இந்தியத் திட்டக் குழுவை வழிநடத்திய மொன்டெக் சிங் அலுவாலியா அவர்களில் ஒருவர். ஏழை நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைவு, நடுத்தர நாட்டில் அதிகம், பணக்கார நாட்டில் குறைவு. பார்வைக்கு மலைதான். ஆனால் அந்த நடுவில் பெரும்பாலும் நின்றவை பிரேசில் போன்ற இலத்தீன் அமெரிக்க நாடுகள். அங்கே பழைய காலத்திலிருந்தே காணி ஒரு சிலர் கையில். ஒரு குழந்தையையும், ஒரு இளைஞனையும், ஒரு கிழவரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இது ஒரே ஆளின் வாழ்க்கை என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாகப் பல வருடம் தொடர்ந்து பார்த்த 1990களின் ஆய்வுகளில், பெரும்பாலான நாடுகளில் அந்த மலை காணப்படவில்லை. தாய்வானும் தென்கொரியாவும் முதலில் காணியைப் பகிர்ந்தன, பிறகு வேகமாக வளர்ந்தன. அங்கே அந்த வளர்ச்சிக் காலத்தில் ஏற்றத்தாழ்வு பெரிதாக ஏறவில்லை.

ஆனால் இதிலிருந்து, வளர்ச்சி வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பங்கு போட ஏதாவது இருக்க வேண்டும். "எப்போதும் ஏறும்" என்று சொல்லவும் சான்று இல்லை, "தானாக இறங்கும்" என்று சொல்லவும் சான்று இல்லை. சான்று சொல்வது இவ்வளவுதான்: கதவு யாருக்குத் திறந்திருக்கிறது, காணி யாரிடம் இருக்கிறது, சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், அல்லது இறங்கும்.

ஆகவே அடுத்த முறை "பொறுங்கள்" என்று சொல்பவரிடம் நாம் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை வருடம்? எந்த நாட்டில் அது தானாக இறங்கியது? எங்கள் பிள்ளைகள் போவதற்குக் கதவு எது? 1977இலிருந்து எண்ணினாலே, 2016இல் முப்பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அந்த வருடத்துக் கினி எண்ணும் 0.45தான்.