அந்த 'டி'யைப் போடலாமா?

விடுதியில் மூன்று வருடம் உங்களோடு ஒரே அறையில் இருந்த தோழி ஒருநாள் ராத்திரி, "நான் பொண்ணுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் சொன்னது சந்தேகத்தை, முடிவை அல்ல. "அப்போ நீ திருநம்பியா?" என்று பாய்வதும், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று தள்ளிவிடுவதும் என் கணக்கில் ஒன்றுதான். இரண்டிலும் அவர் சார்பில் நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்தக் கேள்வி சிலருக்கு வருடக்கணக்கில் ஓடும். திருநம்பி என்று தெளிகிறவர்கள் உண்டு, ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவராக உணர்கிறவர்கள் உண்டு, பெண்தான் என்று அமைதி கொள்கிறவர்களும் உண்டு.

அதனால் கேட்க வேண்டியது சின்னக் கேள்விதான்: "உன்னை 'வாடி'ன்னு கூப்பிடலாமா, வேற மாதிரி கூப்பிடணுமா?" 'டா' போடச் சொல்லலாம், வேறு பெயர் சொல்லலாம், "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றும் சொல்லலாம். அடுத்த மாதம் மாற்றிக்கொண்டால் நாமும் மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுப் பெயர் என்றால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: எங்கே, யார் முன்னால்? அறைக்குள் மட்டுமா, நண்பர்கள் நடுவிலுமா? அவருடைய அம்மா போன் செய்தால் எந்தப் பெயர்? பெரும்பாலும் விஷயம் வெளியே போவது கெட்ட எண்ணத்தால் அல்ல. வாட்ஸ்அப் குழுவில் பாசமாகப் போட்ட பிறந்தநாள் வாழ்த்து ஒன்று போதும். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கலாம், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கலாம். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

தோழிகள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. மார்பு தெரியாமலிருக்கச் சிலர் மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். அது மூச்சை அடைக்கும், விலா எலும்பை வலிக்கச் செய்யும். மாடிப்படி ஏறினாலே இரைத்தால், கட்டோடு தூங்கினால், பேசிப் பாருங்கள். "கழற்று" என்று அதட்டுவதைவிட, விளையாட்டு வீராங்கனைகள் அணியும் இறுக்கமான உள்ளாடையும் தொளதொளச் சட்டையும் வாங்கக் கூடவே கடைக்குப் போவது பலன் தரும்.

வீட்டில் தெரிந்து, "டாக்டர்கிட்ட கூட்டிப்போய் மாத்திடுவோம்" என்று கிளம்பினால் ஒரு விவரம் கையில் இருக்கட்டும். பால் அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. மனநல மருத்துவரைப் பார்க்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். தூக்கம் இல்லை, பயம் விடவில்லை என்றால் தாராளமாகப் போகலாம்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று அவர் சொன்னால் மட்டும் ரகசியம் பார்க்காதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, நம்பகமான பெரியவர் ஒருவரை அழையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் ராத்திரியும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.