நிழலில் வேலை, எலும்பில் வலி
(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



தஞ்சைச் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெயில் கிடைக்காமல் வரும் எலும்பு நோய் இங்கே உண்டு. நடவு நடுகிறவர்களைவிட, கூரையின் கீழேயே பகலெல்லாம் கழிக்கிறவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள திருபுவனத்தை நினைத்துப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பட்டுச்சேலைகள் வீடுகளுக்குள்ளேதான் நெய்யப்படுகின்றன. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களின் நிலையும் இதுதான்.

நம் தோல் நடுப்பகல் வெயிலைக் கொண்டு வைட்டமின் டி செய்கிறது. அது குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் சரியாக ஈர்த்துக்கொள்ளாது. அப்போது புதிதாக உண்டாகும் எலும்பு இறுகாமல் மென்மையாக நின்றுவிடும். அதனால்தான் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது. தொடைத் தசையும் பலம் இழக்கிறது.

உதாரணமாக, நாற்பத்து நான்கு வயதுள்ள ஒரு நெசவுக்காரப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருஷமாகக் காலில் குடைச்சல். "மிதி மிதிக்கிறதால வர்ற வலிதான் டாக்டர்" என்பார். வலி மாத்திரை தின்று பார்த்தாயிற்று. மூட்டு வீங்கவில்லை. ஆனால் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்க மரத்தைப் பிடித்துக்கொள்கிறார். பஸ் படி ஏறத் திணறுகிறார். இந்த இரண்டும் முக்கியமான அடையாளங்கள்.

அடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நலமாயிருப்பவருக்கு அழுத்தம் மட்டும் தெரியும். இவரோ காலை இழுத்துக்கொள்வார். நெஞ்செலும்பிலும் அப்படியே வலிக்கும். ஆனால் அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்தால் அது நீர்க்கோவை. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் முதலில் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும்.

இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கும் சோதனை விலை கூடியது. தனியார் சோதனைக் கூடங்களில் அதற்காகும் செலவு, எட்டு வார மருந்தின் விலையைவிட அதிகம். ஆகவே வலியில்லாத எல்லாருக்கும் அதைச் செய்வது வீண். முதலில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது உயர்ந்து, பாஸ்பரஸ் குறைந்திருந்தால் எலும்பு மென்மையாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். கல்லீரல் கோளாறிலும் அது உயரும் என்பதை மறக்கக்கூடாது. ஆரம்பக் குறைவில் இவையெல்லாம் சரியாகவே இருக்கவும் கூடும். நம் பெண்மணிக்கு வைட்டமின் டி 8 நானோகிராம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-க்குக் கீழ் இருந்தாலே குறைவு. 8 என்பது மிகக் குறைவு. இடுப்பிலோ கவட்டையிலோ வலி இருந்தால் எக்ஸ்ரே அவசியம். தொடை எலும்பின் கழுத்தில் மெல்லிய விரிசல் இருந்து, அது தெரியாமல் நடந்தால் முழுவதுமாக முறிந்துபோகலாம்.

மருந்து எளிதானது. 60,000 யூனிட் உள்ள மாத்திரை வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் பாலுடன், எட்டு வாரம். அதன்பின் மாதத்துக்கு ஒன்று. கூடவே கால்சியமும் வேண்டும். ஏனென்றால் தீட்டிய அரிசிச் சோற்றில் அது மிகக் குறைவு. கேழ்வரகும் தயிரும் நல்லது. சில வாரங்களில் வலி குறையத் தொடங்கும். கால் பலம் திரும்பப் பல மாதம் ஆகும். மூன்று மாதத்துக்குப் பின் மறுபடி சோதிக்கலாம். அப்போதும் குணமில்லை என்றால் குடல் நோய், சிறுநீரகக் கோளாறு, நீண்ட நாள் வலிப்பு மாத்திரை இவற்றைத் தேட வேண்டும்.

இங்கே நேரும் பெரிய தவறு, வார மாத்திரையைத் தினமும் விழுங்குவது. அப்படிச் செய்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். ஆகவே சீட்டில் கிழமையை எழுதிக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காலை இளவெயில் சுகமானது. ஆனால் அதில் வைட்டமின் டி அவ்வளவாக உண்டாகாது. திருப்பதியில் நடந்த ஆராய்ச்சியில் பகல் 11 மணி முதல் 2 மணி வரைதான் தக்க நேரம் என்று கண்டார்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னலுக்குள் வரும் வெயில் உதவாது. தறியை விட்டு அந்த நேரத்தில் எழுந்தால் கூலி குறையும் என்பவருக்கு வெயிலை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. அவருக்கு மாதம் ஒரு மாத்திரைதான் நடக்கக்கூடிய வழி.

உங்கள் ஊரில் யாராவது தரையிலிருந்து கையூன்றி எழுந்தால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் காலெலும்பை அழுத்திப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.