தாக்கப்பட்டவர் தனியே படிக்க வேண்டாம்

(தில்லி வாழ் தமிழ்த் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முன்பின் அறியாதவர்கள் சமூக ஊடகத்தில் கூட்டமாகத் திரண்டு ஒருவரை இழிவுபடுத்தும்போது, தாக்கப்பட்டவர் எவ்வாறு நிலைகுலையாதிருப்பது? மன உறுதி பற்றிய பொது உபதேசங்கள் இதற்கு விடையாகா. நடந்த ஒரு நிகழ்வை முழுமையாகப் பார்த்தால் விடை புலப்படும்.

2017 பிப்ரவரி 22 அன்று, தில்லி ராம்ஜாஸ் கல்லூரியில் ஒரு கருத்தரங்கை ஒட்டி வன்முறை நிகழ்ந்தது. அதனைக் கண்டித்து, லேடி ஸ்ரீராம் கல்லூரி மாணவி குர்மெஹர் கௌர், ஏபிவிபி அமைப்புக்கு அஞ்சவில்லை என்று எழுதிய அட்டையை ஏந்திய தம் படத்தை முகநூலில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபது. அவருடைய தந்தை கேப்டன் மன்தீப் சிங் 1999இல் காஷ்மீரில் உயிரிழந்த இராணுவ அதிகாரி.

வசைபாடியவர்கள் இந்த அட்டையோடு நிற்கவில்லை. ஓராண்டுக்கு முன் அவர் வெளியிட்டிருந்த ஒரு காணொளியைத் தேடி எடுத்தனர். அதில் அவர் ஒரு சொல்லும் பேசாமல், எழுதிய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். தந்தையை இழந்த சிறுமி பாகிஸ்தானையும் இஸ்லாமியரையும் வெறுத்ததும், தாயின் சொற்களால் அந்த வெறுப்பிலிருந்து மீண்டதும், இரு நாட்டு அரசுகளும் அமைதி காண வேண்டும் என்ற வேண்டுகோளும் அந்த அட்டைகளில் தொடர்ச்சியாக வருகின்றன. அவற்றுள், தந்தையைக் கொன்றது பாகிஸ்தான் அன்று, போரே என்ற பொருளுடைய ஓர் அட்டை மட்டும் தனியே வெட்டியெடுக்கப்பட்டது. முன்னும் பின்னும் இருந்தவை மறைந்தன. கிரிக்கெட் வீரர் வீரேந்தர் சேவாக் அதே பாணியில் அட்டை ஏந்திக் கேலி செய்தார். அவருடைய மனத்தை மாசுபடுத்துவது யார் என்று ஒன்றிய அமைச்சர் ஒருவர் வினவினார். கேலிப் படங்கள் பெருகின. பாலியல் வன்கொடுமை மிரட்டல்கள் வந்து குவிந்தன. மிரட்டியவர்களைச் சேவாக் பின்னர் வன்மையாகக் கண்டித்தார். ஆனால் அதற்குள் கேலி தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். முழுமையிலிருந்து ஒரு துண்டு வெட்டப்படுகிறது. பெயர் பெற்ற ஒருவர் அதை எள்ளி நகையாடுகிறார். அந்த நகைப்பை அனுமதியாக எடுத்துக்கொண்டு, பெயரில்லாத ஆயிரம் பேர் மிரட்டத் தொடங்குகின்றனர். அவர்களுள் மிகப் பலர் அந்தக் காணொளியை முழுமையாகப் பார்த்தவர்கள் அல்லர். எனவே அவர்களுக்கு விளக்கம் அளிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு மறுமொழியும் அந்தப் பதிவை மேலும் பலர் பார்வைக்குக் கொண்டு செல்லும். அதன் ஒரு சொல் மீண்டும் வெட்டப்படும். சொல்ல வேண்டியது இருப்பின், ஒரே அறிக்கையாக, முழுமையாக, ஒரு முறை சொல்வது போதும். அதனை எழுதியவுடன் வெளியிடாமல், வேறொருவர் படித்த பின் வெளியிட வேண்டும்.

குர்மெஹர் செய்தவை மூன்று. மிரட்டல்களைத் தில்லி மகளிர் ஆணையத்திடம் முறையிட்டார். காவல்துறை வழக்குப் பதிந்து பாதுகாப்பும் அளித்தது. பிப்ரவரி 28 அன்று, இயக்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, தில்லியை விட்டுச் சொந்த ஊரான ஜலந்தருக்குச் சென்றார். ஆனால், அன்று நடைபெறவிருந்த பேரணியில் மற்றவர்கள் கலந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர் இல்லாமலே மாணவர்களும் ஆசிரியர்களும் பெருந்திரளாக ஊர்வலம் சென்றனர். தாக்கப்பட்டவர் ஓய்ந்தார், தாக்கப்பட்ட கருத்து ஓயவில்லை. அவர் ஓய்வதற்கு உரிமை பெற்றது, களத்தில் வேறு பலர் இருந்ததனால்தான். எவரும் இல்லாத இடத்தில் ஓய்வு தோல்வியாகிவிடும்.

ஆகவே, நிலைகுலையாமை என்பது ஒருவருடைய மனத்தில் மட்டும் இருப்பதன்று. வேலைப் பங்கீட்டிலும் இருக்கிறது. தாக்கப்பட்டவர் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு. வசைகளைத் தாமே உட்கார்ந்து படிப்பதே அது. ஆனால் யாராவது ஒருவர் படித்தே ஆக வேண்டும்; ஏனெனில் ஆயிரம் வசைகளுக்கு நடுவே உண்மையான ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கலாம். இந்த வேலையை நம்பிக்கைக்குரிய ஒரு தோழர் ஏற்க வேண்டும். அவருக்கும் சலிப்பும் அச்சமும் தோன்றும் என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேறொருவர் மாற்ற வேண்டும்.

படிப்பவர் தேட வேண்டியவை இவை: வீட்டு முகவரி, தொலைபேசி எண், பணியிடம், பிள்ளைகளின் பள்ளி, ஒரு குறிப்பிட்ட நாள் அல்லது நேரம். இவற்றுள் ஒன்று வந்தாலும் அது வசை என்ற எல்லையைக் கடந்துவிட்டது. அதை அப்போதே தாக்கப்பட்டவரிடம் அமைதியாகத் தெரிவித்து, காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். ஏனைய இழிசொற்களை அவரிடம் ஒப்பிக்கத் தேவையில்லை.

சான்றுகளைச் சேகரிப்பதில் வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அதில் கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவை தெரிய வேண்டும். பதிவின் இணைப்பு முகவரியையும் தனியே குறித்துவைக்க வேண்டும். கணக்கின் பெயரை எளிதில் மாற்றிவிடலாம் என்பதால் படம் மட்டும் போதாது. இவை முடிந்த பிறகே அந்தக் கணக்கைத் தடை செய்வதும் நிறுவனத்திடம் புகார் செய்வதும். பலர் பதற்றத்தில் முதலில் தடை செய்துவிடுகின்றனர். அல்லது புகாரின் பேரில் பதிவு நீக்கப்பட்டுவிடுகிறது. பிறகு காவல்துறையிடம் காட்டச் சான்று இருப்பதில்லை. புகாரை காவல் நிலையத்திலும், cybercrime.gov.in என்ற தளத்திலும் அளிக்கலாம்.

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவது 78ஆம் பிரிவிலும், பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லும் செய்கையும் 79ஆம் பிரிவிலும் வருகின்றன. மிரட்டல் 351ஆம் பிரிவில் வருகிறது. பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் வெறும் கேலியும் கொடுஞ்சொல்லும் பெரும்பாலும் இவற்றுள் அடங்கா. அவற்றையும் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. அந்த நீக்கம் சரியானதே. 2012இல் மும்பை முழு அடைப்பைப் பற்றி முகநூலில் கருத்துரைத்த இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டதும் அந்தப் பிரிவின் துணையோடுதான். எனவே மிரட்டலுக்குச் சட்டத்தை நாட வேண்டும். கேலிக்குச் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

கேலியின் புண்ணுக்கு வேறு கவனிப்பு தேவை. அலை தணிந்த பிறகும் தாக்கப்பட்டவர் நள்ளிரவில் எழுந்து பழைய வசைகளைத் தேடிப் படிக்கலாம். தொலைபேசி ஒலித்தால் திடுக்கிடலாம். கூட்டங்களில் பேசத் தயங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமின்மை நீடித்தால், மருத்துவரை நாட வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இதைக் கோழைத்தனம் என எவரும் கருதலாகாது. அந்நாட்களில் கிளைத் தோழர்கள் நேரில் சென்று பார்ப்பதற்கு, ஆதரவாக இடப்படும் நூறு பதிவுகளைவிட வலிமை உண்டு. எழுதியவர் முகம் தெரியாதவர். வந்து அமர்பவர் முகம் தெரிந்தவர்.

குர்மெஹர் கௌரின் மௌனம் நிலையான மௌனமாகிவிடவில்லை. 2018இல் தம் குடும்பத்து மூன்று தலைமுறைப் பெண்களைப் பற்றிய நூலை அவர் வெளியிட்டார். ஓர் அட்டையாக வெட்டப்பட்ட வாழ்க்கையை, தாமே குறித்த காலத்தில், முழு நூலாக எடுத்துரைத்தார்.

நாளை ஒரு தோழர் தாக்கப்படும்போது, அவருடைய கைப்பேசியை வாங்கிக்கொள்பவர் யார், சான்று சேகரிப்பவர் யார், வீட்டுக்குச் செல்பவர் யார் என்பதை ஒவ்வொரு கிளையும் இன்றே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.