90 டிகிரியோடு நின்றுவிடும் அட்டவணை

உங்கள் வீட்டில் பழைய லாக் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் சைன் அட்டவணை 0 டிகிரியில் தொடங்கி 90-இல் முடிந்துவிடும். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் ஆரியபட்டர் தந்த ஜ்யா அட்டவணையும் அப்படித்தான். மொத்தம் 24 மதிப்புகள், அவையும் 90 டிகிரி வரைதான். அப்படியானால் 210 டிகிரிக்கு சைன் வேண்டுமென்றால் எங்கே போவது? எங்கும் போக வேண்டாம். 90-ஐத் தாண்டினால் புதிய எண் எதுவும் வருவதில்லை. பழைய எண்களே திரும்ப வருகின்றன, சில இடங்களில் கழித்தல் குறியோடு. எந்த எண், என்ன குறி என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம்.

ஒரு ராட்டினத்தை மனத்தில் கொண்டு வாருங்கள். அச்சிலிருந்து இருக்கை வரை 10 மீட்டர். அச்சுக்கு நேர் வலப்புறம் இருக்கும்போது கோணம் 0. அங்கிருந்து இருக்கை மேல்நோக்கி ஏறுகிறது. 30 டிகிரி திரும்பியதும் அது அச்சைவிட 5 மீட்டர் உயரத்திலும், 8.66 மீட்டர் வலப்பக்கத்திலும் இருக்கும். உயரத்தை 10-ஆல் வகுத்தால் சைன், பக்கவாட்டுத் தூரத்தை 10-ஆல் வகுத்தால் கொசைன். உயரத்தைப் பக்கவாட்டுத் தூரத்தால் வகுத்தால் டேன்ஜென்ட்.

இப்போது 150, 210, 330 டிகிரிகளிலும் ஒவ்வோர் இருக்கையை மாட்டுங்கள். நான்கையும் கோடுகளால் இணைத்தால் அச்சைச் சுற்றி ஒரு செவ்வகம் கிடைக்கும். நான்குக்கும் அதே 5 மீட்டர், அதே 8.66 மீட்டர். காரணம், நான்கு கம்பிகளும் கிடைக்கோட்டோடு செய்யும் குறுங்கோணம் ஒன்றேதான்: 30 டிகிரி. இதைத்தான் குறிப்புக் கோணம் என்கிறோம். இரண்டாம் காற்பகுதியில் 180-இலிருந்து கோணத்தைக் கழிக்கிறோம். மூன்றாவதில் கோணத்திலிருந்து 180-ஐக் கழிக்கிறோம். நான்காவதில் 360-இலிருந்து கோணத்தைக் கழிக்கிறோம். மூன்றிலும் நாம் கேட்பது ஒன்றைத்தான்: கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

விடைத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் பிழை இந்த இடத்தில்தான். 120 டிகிரி என்றதும் மாணவர் அதிலிருந்து 90-ஐக் கழித்து 30 என்று எழுதிவிடுகிறார். சைன் 120 அரை என்று முடித்துவிடுகிறார். ராட்டினத்தைப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். 120 டிகிரியில் இருக்கை உச்சியைத் தாண்டி 30 டிகிரிதான் இறங்கியிருக்கிறது. 5 மீட்டர் உயரத்துக்கு அதற்குள் வந்துவிட முடியாது. 90 டிகிரி என்பது செங்குத்துக் கோடு. அங்கிருந்து அளந்தால் உயரமும் பக்கவாட்டுத் தூரமும் இடம் மாறிவிடும். சரியான குறிப்புக் கோணம் 60, உயரம் 8.66 மீட்டர்.

அடுத்தது குறி. 10 மீட்டர் கம்பி எப்போதும் மிகைதான், அதற்குக் குறி மாறாது. ஆகவே இருக்கை அச்சுக்கு மேலே இருந்தால் சைன் மிகை, கீழே இருந்தால் குறை. வலப்பக்கம் கொசைன் மிகை, இடப்பக்கம் குறை. டேன்ஜென்ட் இவ்விரண்டின் வகுத்தல். மூன்றாம் காற்பகுதியில் இரண்டுமே குறை என்பதால் குறிகள் ஒன்றையொன்று நீக்கி, டேன்ஜென்ட் மிகையாகிறது. "ஆல் சில்வர் டீ கப்ஸ்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். முதலாவதில் எல்லாம், இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டேன்ஜென்ட், நான்காவதில் கொசைன் மிகை என்பதன் சுருக்கம் அது. தலைகீழ் விகிதங்களான கொசீகன்ட், சீகன்ட், கோடேன்ஜென்ட் மூன்றும் தத்தம் இணையின் குறியையே எடுத்துக்கொள்ளும்.

கோணம் 1000 டிகிரி என்றால்? இரண்டு முழுச் சுற்றான 720-ஐ நீக்கினால் 280. அது நான்காம் காற்பகுதி. குறிப்புக் கோணம் 80. லாக் புத்தகத்தில் சைன் 80 என்பது 0.9848. இருக்கை கீழே இருப்பதால் விடை மைனஸ் 0.9848. கொசைனோ மிகை, 0.1736.

கால்குலேட்டர் இருக்க இதெல்லாம் எதற்கு என்று ஒரு நேயர் கேட்கலாம். திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அதே ராட்டினத்தில் ஓர் இருக்கை அச்சுக்கு 6 மீட்டர் இடப்பக்கம், 8 மீட்டர் கீழே நிற்கிறது. கோணம் என்ன? டேன்ஜென்ட், 8-ஐ 6-ஆல் வகுத்த 1.333. தலைகீழ் டேன்ஜென்ட் பொத்தானை அழுத்தினால் 53.13 டிகிரி என்று வரும். அது வலப்பக்கம் மேலே உள்ள இடம்! இரண்டு மைனஸ்களும் வகுத்தலிலேயே அழிந்துவிட்டதால் இருக்கை எந்தப் பக்கம் என்பது கால்குலேட்டருக்குத் தெரியாது. சைன் மதிப்பான மைனஸ் 0.8-ஐக் கொடுத்தாலும் மைனஸ் 53.13 என்று வலப்பக்கம் கீழேதான் காட்டும். இரண்டிலும் நமக்குப் பயன்படுவது 53.13 என்ற குறிப்புக் கோணம் மட்டுமே. காற்பகுதியை நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். இடப்பக்கம், கீழே, ஆகவே மூன்றாவது. 180-ஐக் கூட்டினால் 233.13 டிகிரி. அந்தக் கோணத்தின் கொசைனை 10-ஆல் பெருக்கிப் பாருங்கள், மைனஸ் 6 வரும். சைனைப் பெருக்கினால் மைனஸ் 8.