தெரியாத தலைப்பு வந்தால்…
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேற்படிப்புக்கு வெளிநாடு போக ஐயெல்ட்ஸ் எழுதும் தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சார், பேச்சுத் தேர்வுல தெரியாத விஷயத்தைக் கேட்டுட்டா என்ன பண்றது?”

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதன் மூன்றாம் பகுதியில்தான், 4, 5 நிமிடம், பொதுவான விஷயங்களைக் கேட்பார்கள். அங்கே மதிப்பெண் சரளத்துக்கும் கோவைக்கும், சொல்வளத்துக்கு, இலக்கணத்துக்கு, உச்சரிப்புக்கு. பொது அறிவுக்கு இல்லை! இதை நம் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். “ஓவியக் காட்சிக்கூடங்களுக்கு அரசு பணம் செலவிட வேண்டுமா?” என்பது கேள்வி. காட்சிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத பையன், “யெஸ், ஐ திங்க் ஸோ” என்று நிறுத்திவிடுவான். தேர்வாளர் எதை வைத்து மதிப்பிடுவார்?

அவன் இப்படித் தொடங்கலாம்: “நான் அங்கே போனதில்லை, ஆனாலும் அரசு உதவ வேண்டும் என்றே தோன்றுகிறது.” அடுத்து காரணம்: “முழுச் செலவையும் டிக்கெட்டிலேயே வசூலித்தால், கூலி வேலை செய்யும் குடும்பம் உள்ளே வர முடியாது.” இனி உதாரணம். அதற்கு ஓவியம் தெரிய வேண்டாம், தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனால் போதும்: “எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகள் சாயங்காலம் அங்கேதான் படிக்கிறார்கள். கட்டணம் வைத்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.” பிறகு, “காட்சிக்கூடமும் அப்படித்தான் இருக்கும்” என்று கேள்விக்கே திரும்பி வர வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டால், கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று ஆகிவிடும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. ஊகித்துப் பேசும்போது ‘மைட்’, ‘வுட்’, ‘இஃப்’ எல்லாம் தானாக வந்து விழும். இலக்கணப் பகுதியில் தேர்வாளர் எதிர்பார்ப்பதும் இந்த மாதிரி பலவகை வாக்கியங்களைத்தான்.

எங்கே சறுக்குகிறார்கள்? சிலர் காரணம் சொல்வதாக நினைத்து, “கலை முக்கியம், ஏனென்றால் அது மிகவும் அவசியம்” என்பார்கள். ஒரே கருத்துக்கு இரண்டு சட்டை! “அவசியம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டால் உண்மையான காரணம் வரும். வேறு சிலர் மனப்பாடம் செய்த சுற்றுச்சூழல் கட்டுரையை இதற்குள் திணிப்பார்கள். குரலின் ஏற்ற இறக்கமே மாறிவிடுவதால், தேர்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வியில் ஒரு சொல்லே புரியவில்லையா? அப்போது இந்த வழி உதவாது. மூன்றாம் பகுதியில் கேள்வியை வேறு விதமாகக் கேட்கச் சொல்லலாம், கேட்பார். நடுவில் அவர் குறுக்கிட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலும் அவர் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்.