மேற்கோட் குறிக்குள் நிற்கும் சாட்சி

(பழைய தொண்டர்களின் நினைவுக் குறிப்புகளைத் தொகுப்பது பற்றிக் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1956ஆம் ஆண்டு காலிமுகத் திடலிலும், 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலும் அமர்ந்திருந்தவர்களுள் இன்று நம்மிடையே எஞ்சியிருப்போர் மிகச் சிலர். எழுத வல்லார் தம் நினைவுகளைத் தாமே எழுதுகின்றனர். எழுத இயலாதோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுகின்றனர். அந்தத் தாள்களைப் புரட்டுவோர் ஒன்றைக் காண்பர். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைவர் சொன்னதும், ஓர் அதிகாரி மிரட்டியதும், அதற்கு நம்மவர் மறுமொழி கூறியதும் சொல்லுக்குச் சொல் மேற்கோட் குறிக்குள் நிற்கின்றன. இப்படி எழுதுவது நேர்மையா? நேர்மையெனின், எந்த எல்லை வரை நேர்மை? இன்று நாம் ஆராய வந்தது இதுவே.

பிற நாட்டார்க்கு இது எழுத்தாளர் பிரச்சினையாக இருக்கலாம். நமக்கு இது வழக்குப் பிரச்சினை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதன் பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்களிலிருந்த நாட்குறிப்புகளும், கடிதங்களும், கூட்ட அறிக்கைகளும் அழிந்தன. பத்திரம் போன இடத்தில் வாய்ச் சாட்சியமே மிஞ்சியிருக்கிறது. வாய்ச் சாட்சியத்துக்கு நேரும் கதியை நீதிமன்றம் அறிந்த ஒவ்வொருவரும் அறிவர். சாட்சி சொன்ன பத்து வசனங்களில் ஒன்று கற்பனை என்று குறுக்கு விசாரணையில் தெரிந்துவிட்டால், மற்ற ஒன்பதையும் தள்ளிவிடும்படி எதிர்த்தரப்பார் கேட்பர்.

நினைவையும் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வழியுண்டா? பெரும்பாலும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு விசாரணையில் அந்த வாய்ப்புக் கிட்டிற்று. அதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

ஜோன் டீனின் சாட்சியம்

1972ஆம் ஆண்டு யூன் 17ஆம் திகதி, வாஷிங்டனில் வாட்டர்கேட் என்னும் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அவர்களுக்கும் ஜனாதிபதி நிக்சனின் ஆட்களுக்கும் இருந்த தொடர்பை மறைக்கும் வேலை உடனே தொடங்கியது. அதில் பெரும் பங்கு கொண்டவர் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜோன் டீன். அடுத்த ஆண்டு யூன் மாதம் அவரே செனட் சபைக் குழுவின் முன் வந்து, 245 பக்க அறிக்கை ஒன்றை வாசித்தார். ஜனாதிபதியோடு தாம் நிகழ்த்திய உரையாடல்களை அவர் விவரித்த நுணுக்கத்தைக் கண்டு கேட்டோர் வியந்தனர். இத்தனையும் எப்படி நினைவிலிருக்கிறது என்று உறுப்பினர் வினவினர். தமக்கு நல்ல ஞாபகசக்தி உண்டென்றும், பத்திரிகை நறுக்குகளை வைத்து நிகழ்ச்சிகளை ஒழுங்குபடுத்திக் கொண்டதாகவும் அவர் விடையளித்தார்.

சில வாரங்களில், யூலை 16ஆம் திகதி, எவரும் எதிர்பாராத செய்தியொன்று வெளியாயிற்று. ஜனாதிபதியின் அறையில் நடந்த பேச்சுக்கள் ஒலிநாடாவில் இரகசியமாகப் பதிவாகியிருந்தன! அந்நாடாக்களின் எழுத்துப் படிகள் பின்னர் வெளிவந்தன. உல்ரிக் நைசர் என்னும் உளவியல் அறிஞர் டீனின் சாட்சியத்தை அவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, 1981ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார்.

1972 செப்டெம்பர் 15ஆம் நாள் உரையாடலை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் மீது குற்றப்பத்திரம் வந்த நாள் அது. அன்று மாலை டீன் ஜனாதிபதியின் அறைக்குச் சென்றார். சாட்சியத்தில் அவர் கூறியது இது: ஜனாதிபதி தம்மை அமரச் சொன்னார், தம் வேலையைப் பற்றி ஹால்டெமன் அறிவித்து வந்ததாகத் தெரிவித்தார், நன்றாகச் செய்தீர் எனப் பாராட்டினார். அதற்குத் தாம், பெருமை தமக்கு மட்டும் உரியதன்று எனக் கூறி, என்றோ ஒருநாள் இந்த மறைப்பு அவிழாதென்று உறுதி சொல்ல முடியாது என எச்சரித்ததாகவும் டீன் சொன்னார்.

நாடாவில் கேட்டது வேறு. அமரச் சொன்ன பேச்சு இல்லை. ஹால்டெமன் அறிவித்ததாகச் சொன்ன பேச்சும் இல்லை. அந்த இடத்தில் பாராட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டீன் தாம் விடுத்ததாகச் சொன்ன எச்சரிக்கை அங்கே இல்லை. எதிர்பாராத சரிவு எதுவும் வராது என்ற கருத்திலேயே அவர் அன்று பேசியிருந்தார்.

அப்படியானால் டீன் பொய்ச்சாட்சியா? இல்லை என்பதே நைசரின் முடிவு. நமது முடிவும் அதுவே. ஜனாதிபதிக்கு மறைப்பு வேலை தெரியும், அது வெற்றி பெறுவதை அவர் விரும்பினார் என்பதே சாட்சியத்தின் சாரம். அந்தச் சாரத்தை நாடாக்கள் உறுதிப்படுத்தின. 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி நிக்சன் பதவி துறந்தார். டீனின் பொருள் நின்றது, சொற்கள் நிற்கவில்லை. அதுவும் ஒன்பதே மாதம் கழிந்த நிலையில், முப்பத்து நான்கே வயதான சட்டவல்லுநர் ஒருவரின் நினைவில்!

எது நின்றது, எது நழுவியது?

இந்த வழக்கு நமக்குத் தரும் பாடம் பொதுப்படையானதன்று. எந்த வகை நினைவு நிலைக்கும், எந்த வகை நழுவும் என்பதை அது பிரித்துக் காட்டுகிறது.

பலமுறை திரும்பத் திரும்ப நடந்தது நின்றது. நம் ஊர்க் கிணற்றுப் பங்கு வழக்குகளிலும் இதையே காண்கிறோம். இன்னார் இன்ன முறையில் நீர் இறைத்து வந்தார் என்பதைச் சாட்சிகள் தடுமாறாமல் சொல்வர். தகராறு மூண்ட அந்த ஒருநாளில் யார் என்ன சொன்னார் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வர்.

முன்கூட்டியே ஆயத்தம் செய்து பேசிய சொற்களும் நின்றன. 1973 மார்ச் 21ஆம் திகதி, ஜனாதிபதிப் பதவியைப் புற்றுநோய் பற்றியிருக்கிறது என்ற உவமையோடு டீன் தம் அறிக்கையைக் கூறினார். தயாரித்துச் சென்ற பேச்சாதலால், அன்றைய உரையாடலைப் பற்றிய அவருடைய நினைவு மற்றையதைவிடப் பெரிதும் பொருந்திற்று.

திகதி நழுவியது. பிடிபட்டோரின் வாயை அடைக்கப் பத்து இலட்சம் டொலர் திரட்டுவது பற்றிய பேச்சு மார்ச் 13ஆம் திகதி நடந்ததாக டீன் கூறினார். நாடாவின்படி அது மார்ச் 21ஆம் திகதிக்குரியது. பேச்சு மெய், நாள் தவறு. பத்திரிகை நறுக்கு வெளியுலகில் நடந்ததைக் காட்டுமேயன்றி, மூடிய அறைக்குள் எந்நாளில் எச்சொல் பிறந்தது என்பதைக் காட்டாது.

ஆபத்து மிகுந்தது வேறொன்று. எழுதுவோரின் பங்கு நினைவில் வளர்கிறது. சொல்லாத எச்சரிக்கை சொன்னதாகிறது. கிடைக்காத பாராட்டுக் கிடைத்ததாகிறது. பின்னால் நடந்ததை அறிந்த மனம், முன்னால் பேசியதைத் திருத்தி எழுதுகிறது. திருத்துபவருக்கே அது தெரிவதில்லை.

எழுதுவோருக்கு நாம் கூறுவது

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, சாட்சி ஒருவர் நிகழ்ச்சி நடந்தபோதோ, அது நினைவில் பசுமையாயிருந்த காலத்திலோ தாம் எழுதிய குறிப்பைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பிக்க இடமளிக்கிறது. அத்தகைய குறிப்பு உங்களிடம் இருந்தால் அதைக் குறிப்பிட்டு மேற்கோட் குறி இடுங்கள். இல்லையெனின், நினைவில் தனித்து ஒலிக்கும் ஒரு சொல்லுக்கோ ஒரு சிறு வசனத்துக்கோ மட்டும் அக்குறியை வையுங்கள். மற்றதைப் பொருளாகத் தாருங்கள்.

அதற்கு நமது மொழியே வழி வைத்திருக்கிறது. “நான் இணங்குகிறேன்” என்று அவர் கூறினார் என எழுதினால், அச்சொற்களுக்கு நீங்கள் சாட்சி. தாம் இணங்குவதாக அவர் கூறினார் என எழுதினால், பொருளுக்கு மட்டும் சாட்சி. ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருவோர் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்புக்குள் மூலச்சொல் இராது.

செப்டெம்பர் 15ஆம் நாளை டீன் நேர்மையான நினைவுக் குறிப்பாக எப்படி எழுதியிருக்கலாம்? குற்றப்பத்திரம் வந்த நாளில் தாம் அழைக்கப்பட்டதையும், ஹால்டெமன் உடனிருந்ததையும் எழுதியிருக்கலாம். ஜனாதிபதி மகிழ்ச்சியாயிருந்தார் என்ற எண்ணத்தோடு தாம் வெளிவந்ததை எழுதியிருக்கலாம். மறைப்பு வேலையை ஜனாதிபதி அறிந்திருந்தார் என அன்றே உணர்ந்ததாகவும், சொற்கள் நினைவில் இல்லை எனவும் முடித்திருக்கலாம். நான்கு வசனங்கள், நாடா வந்தாலும் அசையாத நான்கு வசனங்கள்.

எல்லா மீளமைப்பும் குற்றமென நாம் சொல்லவில்லை. சிறைக்கூடத்தில் தோழர்கள் இரவில் எப்படிப் பேசிக்கொள்வர் என்பதை, வழக்கமாக இப்படிப் பேசுவர் என்ற குறிப்போடு எழுதுவது தகும். நீண்ட பேச்சைச் சுருக்குவதும் தகும். ஆனால் மூன்று இடங்களில் மீளமைப்பு ஆகாது. பிறர் ஒருவர் வாக்குறுதி தந்ததாக, மிரட்டியதாக, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வரும் சொல்லில் ஆகாது; அங்கே சொல்தான் வழக்கு. பல கூட்டங்களை ஒன்றாக்கி, அதற்கொரு திகதி இடுவதில் ஆகாது. எழுதுவோர் முன்னரே எச்சரித்ததாக வரும் இடத்தில் அறவே ஆகாது.

கையெழுத்துப் படியைச் சரிபார்ப்போருக்கும் ஒன்று. மெய்யான பேச்சில் குறுக்கீடு உண்டு. முடியாத வசனம் உண்டு. நிக்சனின் நாடாக்கள் முழுதும் அவ்வாறே. ஆனால் ஒரு படியில் எல்லோரும் முழு வசனத்தில் பேசினால், எல்லோர் வாயிலும் ஆசிரியரின் நடையே வந்தால், இருவருக்கும் தெரிந்த செய்தியை ஒருவர் மற்றவருக்கு விளக்கினால், ஒவ்வொரு முறையும் இறுதிச் சொல் ஆசிரியருடையதாக இருந்தால், அங்கே பேனாவை நிறுத்துங்கள். அம்முதியவரிடம் திரும்பச் சென்று, இந்தச் சொல் காதில் கேட்டதா, அல்லது கருத்து மட்டும் நினைவிலிருக்கிறதா எனக் கேளுங்கள். கருத்து மட்டுமே என்று அவர் சொன்னால், குறியை எடுத்துவிடுங்கள். அவருடைய சாட்சியம் அதனால் ஒரு சிறிதும் குறைவதில்லை.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி கையெழுத்தான பண்டா–செல்வா உடன்படிக்கையில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு ஏடு உண்டு. அந்நாட்களில் நம் ஊர் மக்கள் எதை நம்பினர், எதற்கு அஞ்சினர் என்பதற்கு ஏடு இல்லை; மனிதரே உண்டு. அவர்கள் சொல்வதை, அவர்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவிலேயே எழுதி வைப்போம். அதைக் குறுக்கு விசாரணை செய்ய வருவோர் வரட்டும்.