காலைக் கூட்டத்தில் ஒரு வாழ்த்து

கிழக்கிலங்கைக் கடலோரத்திலே மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊரை ஊர் தொட்டு நிற்கும். ஓர் ஊரின் பாடசாலை மணி அடுத்த ஊருக்குக் கேட்கும் அளவிற்கு அவை நெருக்கமானவை. காலை ஏழரை மணிக்கு அந்த மணலிலே பிள்ளைகள் வரிசையாய் நிற்பர். கிராஅத் ஓதப்படும், தேசிய கீதமும் கல்லூரிக் கீதமும் இசைக்கப்படும், அதன்பின் அதிபர் ஒலிவாங்கியின் முன் வருவார். அன்றைய அறிவித்தல்களுக்கு நடுவே, ஆசிரியர் ஒருவரின் பிறந்த நாளையொட்டி அவர் கூறும் நான்கைந்து வசனங்களைப் பற்றியதே இப்பேச்சு.

வாழ்த்துத்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நேயர்கள் எண்ணலாம். எண்பது ஆசிரியர் பணியாற்றும் பெரிய பாடசாலையொன்றை எடுத்துக்கொள்வோம். எழுபத்தொன்பது பேரின் பெயர் கூறப்பட்டு ஒருவரின் பெயர் மட்டும் விடுபட்டுப் போனால், அந்த ஒருவர் அதனை வாய்திறந்து கூறமாட்டார். ஆனால் மறக்கவும் மாட்டார். எழுபத்தொன்பது வாழ்த்துகளால் விளைந்த மகிழ்ச்சியை அந்த ஒரு மௌனம் கெடுத்துவிடும். ஆதலின் இவ்வழக்கத்தைத் தொடங்கும் அதிபர் முதலிற் கவனிக்க வேண்டியது சொல்லழகை அன்று; பட்டியலையே ஆகும்.

பாடசாலை ஆண்டொன்றில் ஏறத்தாழ 200 நாட்களே நடைபெறுகின்றது. வார விடுமுறை, தவணை விடுமுறை, பண்டிகை, போயா ஆகியவை எஞ்சிய நாட்களை எடுத்துக்கொள்கின்றன. பிறந்த நாளன்று மட்டுமே வாழ்த்துவது என்று அதிபர் முடிவு செய்தால், எண்பது பேரில் ஏறத்தாழ 44 பேரின் நாளே பாடசாலை நாளில் வீழும். மற்றைய 36 பேரின் பெயர் ஒலிக்க வழியே இல்லை. அவர்களை யாரும் வேண்டுமென்று விலக்கவில்லை, நாட்காட்டியே விலக்கிவிடுகின்றது.

முஸ்லிம் பாடசாலைகளில் இதன்மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்பாடசாலைகள் ரமழான் மாதத்தில் நோன்பு விடுமுறை பெறுகின்றன. ரமழானோ பிறைக் கணக்கில் வருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னகர்ந்து செல்வது. மார்ச் 16ஆம் திகதி பிறந்த ஓர் ஆசிரியையை உதாரணமாகக் கொள்வோம். 2024ஆம் ஆண்டு ரமழான் மார்ச் 12இல் தொடங்கியது; அவருடைய நாள் நோன்பிற்குள் வந்தது. 2025இல் மார்ச் மாதம் ஏறத்தாழ முழுவதுமே நோன்பாயிற்று. 2026இல் பெப்ரவரி 19இல் தொடங்கும் நோன்பு மார்ச் 20 வரை செல்வதால் அவ்வாண்டும் அவருடைய நாள் அதனுள்ளேயே அமைகிறது. 2027இல்தான் அது நோன்பிற்கு வெளியே வரும். ஆக, மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்த ஆசிரியையின் பெயர் கூட்டத்தில் ஒலிக்காது. யூன் மாதத்திற் பிறந்த அவருடைய தோழியின் பெயரோ மூன்று முறையும் ஒலித்திருக்கும். ஒரே ஓய்வறையில் அருகருகே அமர்ந்து தேநீர் அருந்தும் இருவருக்கிடையே இப்படி ஒரு வேற்றுமை ஏன் வரவேண்டும்?

இதற்கு மருந்து எளிது. விடுமுறையில் வரும் பிறந்த நாட்களை விடுமுறைக்கு முந்திய கடைசிக் கூட்டத்திற் கூறிவிட வேண்டும். சனி, ஞாயிறு நாட்களுக்கு உரியவற்றை வெள்ளிக்கிழமையிலும், நோன்பு மாதத்திற்கு உரியவற்றை நோன்பு விடுமுறை தொடங்குமுன்னரும் கூறலாம். முன்னரே கூறிய வாழ்த்து எதிர்பார்ப்பாய் நிற்கும். பின்னர் கூறிய வாழ்த்தோ, மறந்துபோய் நினைவு வந்ததைப் போலத் தோன்றும். அதிபர் உண்மையில் மறக்கவில்லை என்றாலும் கேட்பவருக்கு அப்படித்தான் படும்.

அடுத்தது திகதியின் சரி பிழை. பாடசாலைக் காரியாலயத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை இலக்கங்களைக் கொண்ட பெயர்ப்பட்டியலே. அந்த இலக்கத்திலிருந்தே பிறந்த நாளை அறியலாம் என்பது பலருக்குத் தெரிந்ததே. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும்; அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்ணாயின் அந்நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பன்னிரண்டு எண்களைக் கொண்ட புதிய இலக்கத்தில் ஆண்டு நான்கு எண்களில் வருகின்றது; மற்றைய முறை அதுவே.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கின்றது. இக்கணக்கில் பெப்ரவரி மாதத்திற்கு எந்த ஆண்டாயினும் 29 நாட்களே கொள்ளப்படுகின்றன. 1974ஆம் ஆண்டு மார்ச் 16இல் பிறந்த நமது ஆசிரியையின் இலக்கம் 74576 என்று தொடங்கும். 500ஐக் கழித்தால் 76ஆவது நாள். சனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, ஆக 60. எஞ்சிய பதினாறே மார்ச் 16 ஆகின்றது. 1974 சாதாரண ஆண்டுதானே என்று பெப்ரவரிக்கு 28 நாட்களைக் கொண்டு எண்ணும் எழுதுவினைஞர் மார்ச் 17 என்று எழுதிவிடுவார். இப்பிழை சனவரி, பெப்ரவரி மாதங்களிற் பிறந்தவர்களிடம் தெரியாது. மார்ச்சிலிருந்து டிசெம்பர் வரை பிறந்தவர்களில், லீப் ஆண்டிற் பிறந்தோர் தவிர்ந்த அனைவருக்கும் ஒரு நாள் பிந்தியே வரும். பட்டியலில் ஒருவருக்கு மேற்பட்டோர் தம் நாள் ஒரு நாள் தள்ளிக் கூறப்பட்டதாகச் சொன்னால், காரணம் இதுவே என்று உடனே ஊகிக்கலாம். ஆயினும் கணக்கை நம்புவதைவிட, சுயவிபரக் கோவையிலுள்ள பிறப்புச் சான்றிதழை ஒருமுறை திறந்து பார்ப்பதே உத்தமம்.

பட்டியல் சரியானபின் சொல்லும் முறையைப் பற்றி நினைக்கலாம். முஸ்லிம் ஊர்களில் பிறந்த நாள் கொண்டாட்டத்தைப் பற்றி ஒரே கருத்து நிலவுவதில்லை. அது மார்க்கத்தில் இல்லாத வழக்கம், பிறரைப் பின்பற்றுவது என்று விலக்கும் உலமாக்கள் உளர். வணக்கமாகக் கருதாத வரையில் நல்வாழ்த்துக் கூறுவதிற் குற்றமில்லை என்போரும் உளர். அதிபர் இவ்வாதத்தில் நடுவராய் அமர வேண்டியதில்லை. கேக், மெழுகுவர்த்தி, பாட்டு ஆகியவற்றை விட்டுவிட்டு, ஒருவரின் உழைப்பை நினைந்து அவருக்காக இறைவனிடம் துஆக் கேட்பதாக அதனை அமைத்தால், இருசாராரில் பெரும்பாலோர்க்கும் மனத்தடை குறையும். அப்பொழுதும் தம் பெயர் வேண்டாம் என்பவர் இருப்பார். அவர் விருப்பம் பட்டியலிலேயே குறிக்கப்பட வேண்டும். தமிழ் ஆசிரியர் பணியாற்றும் பாடசாலையாயின், அவருக்கான வாழ்த்தில் "இறைவன்" என்னும் பொதுச் சொல்லே போதுமானது.

இன்னொரு குறிப்பும் இக்கரையோரத்திற்கே உரியது. 2004 டிசெம்பர் 26இல் கடல் கொந்தளித்து இவ்வூர்களிற் புகுந்து எண்ணற்றோரைக் கொண்டு சென்றது. அத்திகதியிற் பிறந்தவர்க்கு அது தம் நாளாக இல்லாமல், தாம் இழந்தவர்களின் நாளாக இருக்கலாம். விடுமுறைக்கு முந்திய கூட்டத்தில் அவர் பெயரை வாசிக்குமுன், "சொல்லலாமா?" என்று தனியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அதிபரின் கடமை.

இனி, அந்த வாழ்த்தின் உருவத்தைக் காண்போம். மார்ச் 16இற் பிறந்த அந்தக் கணித ஆசிரியைக்காக, நோன்பு விடுமுறைக்கு முந்திய நாளில் அதிபர் அவருடைய பெயரைக் கூறிவிட்டு இவ்வாறு தொடரலாம்: "மார்ச் 16ஆம் திகதி நம் ஆசிரியையின் பிறந்த நாள். அந்நாளில் நாம் நோன்பு விடுமுறையில் இருப்போம். ஆகவே இன்றே நினைவுகூருகின்றோம். தறியிலே ஓர் அங்குலத்திற்கு எத்தனை பாவு இழை என்று எண்ணச் செய்து, துணியின் அகலத்தால் பெருக்கக் காட்டி, ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்குப் பெருக்கலை விளங்கவைத்தவர் அவர். அல்லாஹ் அவருக்குப் பூரண சுகத்தையும் வாழ்விற் பறக்கத்தையும் அருள்வானாக." பிள்ளைகள் "ஆமீன்" என்பர். அவ்வளவே. நிதானமாக வாசித்தாலும் அரை நிமிடத்திற்குச் சற்றே கூடும். வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஒரே நாளில் மூவர் பெயர் வந்தாலும் கூட்டம் நீளாது.

இவ்வசனங்களில் உயிராய் நிற்பது தறியைப் பற்றிய அந்த ஒன்றே. மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். பாவு இழை என்றால் என்னவென்று அங்குள்ள பிள்ளைக்குத் தெரியும். "கடமையுணர்வு மிக்கவர், அன்பானவர்" என்று கூறியிருந்தால், அதே வசனத்தை அடுத்த வாரம் இன்னொருவருக்கும் கூறலாம். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் செவிமடுப்பதை நிறுத்திவிடுவர். ஆகவே எழுதிய வசனத்தை வேறோர் ஆசிரியரின் பெயரோடு சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கும் பொருந்துமாயின் அதனை அழித்துவிடலாம். பொருந்தாத வசனம் கிடைக்க அதிபர் பகுதித் தலைவரிடமோ, அந்த வகுப்பின் மாணவர் ஒருவரிடமோ முதல் நாளே கேட்டறிய வேண்டும்.

வயதைக் கூறாமல் விடுவது நன்று. ஒரே ஒரு வயது மட்டும் தானே வந்து நிற்கும். ஆசிரியர் 60 வயதை நிறைவு செய்யும்போது சேவையிலிருந்து ஓய்வு பெறுகின்றார். எனவே அறுபதாவது பிறந்த நாளுக்குரிய வாழ்த்தை அவர் பெறும் கூட்டம், அவர் ஆசிரியராய் நிற்கும் கடைசிக் கூட்டமாகவே பெரும்பாலும் அமையும். அந்நாளைப் பட்டியலில் முன்கூட்டியே குறித்து வையாத பாடசாலையில், அவர் வரவு இடாப்பிற் கையொப்பமிட்டுவிட்டு, ஒரு சொல்லும் கேளாமல் வாயிலைக் கடந்து போய்விடக் கூடும். முப்பது ஆண்டு அம்மணலில் நின்றவருக்கு, அந்த நாளில் பிள்ளைகளின் ஓர் "ஆமீன்" கேட்டிருக்க வேண்டும்.